களிம்பும் ஒரு சாட்சி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப் பூரம் நெருங்கும் சமயத்திலும், மார்கழி பிறக்கும் சமயத்திலும், அவ்வூரிலும் அண்டையிலுள்ள இராஜபாளையத்திலும் பழைய வீடுகளின் பரண்களிலிருந்து குத்துவிளக்குகளும் செம்புக் குடங்களும் பித்தளை அண்டாக்களும் இறக்கப்பட்டு, புளியும் உப்பும் செங்கற்பொடியும் சேர்த்துத் தேங்காய் நாரால் துலக்கப்படுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். நாள்தோறும் சுடர் ஏற்றும் விளக்குக்கு அந்தச் சுத்தம் ஒரு தர்மம். அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் அதே பரணில் பல காலம் புழக்கமின்றிக் கிடந்த ஒரு புராதன விளக்கை, புதியதுபோல் மின்ன வேண்டும் என்ற ஆசையால் பட்டறையில் கொடுத்துச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றி வாங்குகிறவர், அதன் மதிப்பில் பெரும்பகுதியைத் தம் செலவிலேயே அழித்துவிடுகிறார்.

செம்பில் படியும் களிம்பை ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமை சொல்வது சைவ சித்தாந்த மரபு. ஆகையால் களிம்பு என்றதும் அது நீக்கத்தக்க அழுக்கு என்றே நம் மனம் கொள்கிறது. ரசாயன சாஸ்திரம் காட்டும் உண்மையோ வேறு. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அன்று. உலோகமே காற்றோடும் ஈரத்தோடும் கூடி மெல்ல உருமாறிய நிலை. செம்பின்மேல் முதலில் செந்நிறமான ஆக்ஸைடுப் படலம் ஒன்று படர்கிறது; அது காலக்கிரமத்தில் கருமை ஏறுகிறது; அதன்மேல், காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீரும் சேர்ந்து, பச்சை நிறமான கார்பனேட்டுப் படலத்தை உண்டாக்குகின்றன. நன்கு படிந்து இறுகிய இந்தப் படலம் உள்ளிருக்கும் உலோகத்துக்கு ஒரு கவசம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வார்ப்புக் கன்னான் கடைசியாக உளியும் அரமும் இட்டு முடித்த அந்த ஆதி மேற்பரப்பு, பல பழம்பொருள்களில் இன்று உலோகமாக இல்லை. களிம்பின் அடிப்படலத்துக்குள் உருவம் குலையாமல் தங்கியிருக்கிறது. களிம்பை முழுவதும் உரித்தால் அந்த மேற்பரப்பும் அதனோடு போய்விடும். உளித் தடம், சிலைகளில் ஆபரணங்களின் நுண்கோடு, கண்ணிமையின் வரை ஆகியவை மழுங்கிப்போகும். நம் வீட்டுப் பாத்திரங்களில் உடையவர் பெயரையும், சில சமயம் ஊரையும் ஆண்டையும், சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டி வைப்பார்களே, அந்த எழுத்துக்கள் முதலில் தேய்வன. அந்தப் பெயரும் எழுத்தின் வடிவமுமே ஒரு குடம் எக்காலத்தது, யாருடைய கையில் இருந்தது என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி. அவை போனபின் எஞ்சுவது எடைக்கு விலை பேசும் பித்தளைதான்.

புளி இதில் என்ன செய்கிறது? புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்ஸைடுப் படலத்தைக் கரைத்து, வெற்று உலோகத்தை வெளியே கொணர்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலம் பட்டு நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் முந்திக் கரைந்து, செம்பு மட்டும் மேலே நின்றுவிடும். பொன்னிறமான பித்தளையில் இளஞ்சிவப்புத் திட்டுக்கள் தோன்றுவது இதனால்தான். அந்தத் திட்டைத் தேய்த்துப் போக்க முனைந்தால் இன்னும் ஒரு படலம் போகுமேயன்றி, இழந்த துத்தநாகம் திரும்பி வராது. உப்பு இதைவிடக் கொடியது. உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தின் துளைகளிலும் வெடிப்புக்களிலும் புகுந்து தங்கி, மழைக்காலத்து ஈரம் வந்ததும், வெண்பச்சைத் தூளாகக் கிளம்பும். இதனை வெண்கல நோய் என்பர். அந்த வினையில் பிறக்கும் அமிலம் மேலும் செம்பைத் தின்ன, மேலும் தூள் உண்டாக, இந்தச் சக்கரம் ஓய்வின்றிச் சுழலும்.

ஆகவே எல்லாக் களிம்பும் காக்கத்தக்கது என்பதும் பிழை. கல்போல் இறுகி, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிய கரும்பச்சை நல்லது. மாவுபோல் உதிர்ந்து, துடைத்த சில நாளில் மறுபடியும் அதே புள்ளியில் தோன்றும் வெளிறிய பச்சை நோய். சென்னை அரசு அருங்காட்சியகத்தில், 1930களில், எஸ். பரமசிவன் என்னும் ரசாயன நிபுணர் நம் வெண்கலச் சிலைகளுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கிய காலத்தில், மின்சாரத்தைக் கொண்டு படலத்தைக் குறைக்கும் மின்பகுப்பு முறை கையாளப்பட்டது. நோயை ஒழிப்பதில் அது வல்லது. ஆனால் நல்ல களிம்பையும் உரித்துவிடும் என்பதால், பிற்கால நிபுணர் அதனைக் கடைசி உபாயமாகவே கொண்டனர். இன்று குளோரைடை மெல்ல வெளியேற்றி, எஞ்சிய செம்பின்மேல் பென்ஸோட்ரையஸோல் என்ற பொருளால் காப்புப் படலம் இடுவதே பெரும்பாலும் வழக்கம். நோயுற்ற இடத்தை மட்டும் தொடுவதே இந்த வைத்தியத்தின் இலட்சணம்.

பழம்பொருள் அறிந்தவர் ஒரு விளக்கைக் கையில் எடுத்ததும் பார்ப்பது பள்ளங்களை. இயல்பாகப் பழகிய பொருளில், கைபட்ட தண்டும் விளிம்பும் மென்மையாக ஒளிர, பள்ளங்கள் கருமையாகவே இருக்கும். மெருகேற்றிய பொருளிலோ மேடும் பள்ளமும் ஒரே சீராக மின்னும். கூர்மையான விளிம்புகள் உருண்டிருக்கும். ஒரே திசையில் ஓடும் கீறல்கள் வெளிச்சத்தில் தெரியும். மெருகுப் பசையின் வெண்துகள் இடுக்குகளில் காய்ந்து கிடக்கும். பழங்காசு சேகரிப்பவர்கள் துலக்கிய காசை வெகுவாக விலை குறைத்தே வாங்குவதற்கும் இதுவே காரணம். அமிலம் இட்டுச் செயற்கையாகக் கறுப்பேற்றி ஏமாற்ற முயல்வோரும் உண்டு. ஆனால் அந்தக் கருமை ஒரே சீராக மேலே படிந்து, ஈரத் துணியால் துடைத்தாலே சில சமயம் ஒட்டிவந்துவிடும்.

வர்ணம் பூசுவதிலும் நியாயம் இதுவே. தேக்குக் கதவின் செதுக்கு வேலையின்மேல் எனாமல் வர்ணம் பூசினால், பூவிதழின் இடுக்கு நிரம்பி உருவம் மழுங்கும். அதை உப்புத்தாள் கொண்டு சுரண்டினால், எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்த மேற்பரப்பும், தச்சனின் இழைப்புளித் தடமும் சேர்ந்தே போய்விடும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலச் சித்திரங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேல் சித்திரத்தைச் சுரண்டி எறியாமல், தொல்லியல் துறையினர் பின்னாளில் அதனைப் பிரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகையில் பதித்து, இரண்டு காலங்களின் ஓவியத்தையும் காத்தனர்.

வீட்டில் ஒரு பழம்பொருள் கிடைத்தால், தூசியை மிருதுவான தூரிகையால் அகற்றி, நாற்புறமும் படம் எடுத்து, உப்பும் ஈரமும் அண்டாத இடத்தில் வைத்தால் போதும். நூறாண்டு கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெளிறிய தூள் கண்டால் அருங்காட்சியக நிபுணரைக் கேட்பதே சரி. துலக்காத பொருளை என்றைக்கு வேண்டுமானாலும் துலக்கிக்கொள்ளலாம். துலக்கிய பொருளைத் துலக்காததாக ஆக்கும் உபாயம் எந்தப் பட்டறையிலும் கிடையாது.