12-க்கும் 13-க்கும் நடுவே

2025-26 பருவத்தில் நீண்ட இழைப் பருத்திக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். ஆனால் தெலங்கானாவில், ஆதிலாபாத் பக்கமோ வாரங்கல் பக்கமோ ஒரு கொள்முதல் மையத்துக்குப் பருத்தியை ஏற்றிக்கொண்டு போகிற எல்லாருக்கும் இந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடுவதில்லை. ஒருவருக்கு 7,948 ரூபாய் போடுகிறார்கள். அடுத்தவருக்கு 7,786. மூன்றாமவரின் டிராக்டரை எடைக்கே ஏற்றாமல் திருப்பி அனுப்புகிறார்கள். மூவரும் ஒரே ஊர், ஒரே விதை, ஒரே வாரத்துப் பறிப்பு என்றிருந்தாலும் இது நடக்கும். விலையை மாற்றுவது பருத்திக்குள் இருக்கும் தண்ணீர்.

அங்கே ஆதரவு விலையில் வாங்குவது சி.சி.ஐ. எனப்படும் இந்தியப் பருத்திக் கழகம். அதற்கெனத் தனிக் கிடங்கோ களமோ கிடையாது. அந்தந்த வட்டாரத்து ஜின்னிங் மில்களையே கொள்முதல் மையங்களாக அறிவிக்கிறார்கள். 2025-இல் ‘கபாஸ் கிசான்’ என்ற செயலியில் பதிந்து, நாள் வாங்கிக்கொண்டு போகும் முறை வந்தது. மில் வாசலில் வண்டி நின்றதும் ஊழியர் ஒருவர் ஈரமானியின் முனையைப் பருத்திக்குள் செருகிப் பார்க்கிறார். கொள்முதல் அதிகாரி ஒரு பிடி பருத்தியை எடுத்து இழையைப் பிரித்து, நிறத்தையும் தூசியையும் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் எடை மேடை. பாரத்தோடு ஓர் எடை, இறக்கிய பின் வெறும் வண்டிக்கு ஓர் எடை. பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது.

ஈரத்துக்கான விதி மிக எளிது. 8 சதவீதம் வரை ஈரம் இருந்தால் முழு விலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் 1 சதவீதம், அதாவது 81 ரூபாய் 10 காசு குறையும். 9 சதவீதம் என்றால் 8,028.90, 10 என்றால் 7,947.80, 12 என்றால் 7,785.60. 12-ஐத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள்.

இதைப் படித்ததும் பெரும்பாலோருக்குத் தோன்றுவது, 12 சதவீத ஈரத்தோடு விற்றவர் குவிண்டாலுக்கு 324 ரூபாய் நட்டப்பட்டார் என்பதுதான். விவசாயிகளும் அப்படித்தான் சொல்லி வருத்தப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது.

12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ பருத்தியில் 12 கிலோ தண்ணீர், 88 கிலோ காய்ந்த சரக்கு. அதையே 8 சதவீதம் வரும்வரை உலர்த்தினால் தண்ணீர் ஆவியாகி எடை 95 கிலோ 650 கிராம் ஆகிவிடும். இப்போது முழு விலை கிடைக்கும். ஆனால் எடை குறைந்துவிட்டது. கிலோ 81 ரூபாய் 10 காசு வீதம் மொத்தம் சுமார் 7,757 ரூபாய். உலர்த்தாமல் விற்றிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது 7,786. நான்கு நாள் வேலை பார்த்து உலர்த்தியதற்குக் கூலி கிடைக்காதது மட்டுமல்ல, 28 ரூபாய் குறைகிறது. சி.சி.ஐ. பிடிக்கும் தொகை, நாம் பருத்தியோடு சேர்த்து எடை போட்ட தண்ணீருக்கான தொகைதான். அந்தத் தண்ணீரைப் பருத்தி விலைக்கு விற்க முடியவில்லை என்பதைத் தவிர அதில் நட்டம் எதுவும் இல்லை.

அப்படியானால் உண்மையான நட்டம் எங்கே? 12-க்கும் 13-க்கும் நடுவே.

ஒருவரின் பருத்தி 13 சதவீதம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் எடுக்கவில்லை. வண்டி வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த நாள் எப்போது கிடைக்குமோ தெரியாது. வாசலுக்கு வெளியே நிற்கும் வியாபாரி 6,900 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டு வருகிறார். அந்த 100 கிலோவை 12 சதவீதத்துக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் போக வேண்டியிருந்தது? 1 கிலோ 140 கிராம். அது போன பிறகு மிச்சமிருக்கும் 98 கிலோ 860 கிராமுக்கு ஆதரவு விலைக் கணக்கில் சுமார் 7,697 ரூபாய் வந்திருக்கும். ஒரு குவிண்டாலுக்கு ஏறக்குறைய 800 ரூபாய் வித்தியாசம். 10 குவிண்டால் ஏற்றி வந்தவருக்கு 8,000 ரூபாய். பதினொன்றரை லிட்டர் தண்ணீருக்காக இந்தத் தொகை கைவிட்டுப் போகிறது.

ஆகவே 8-ஐ எட்ட வேண்டும் என்று மெனக்கெட வேண்டியதில்லை. 12-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 12-இல் விற்றாலும் 10-இல் விற்றாலும் மொத்தத்தில் கையில் நிற்பது கிட்டத்தட்ட ஒரே தொகை. ஆனால் 12 என்பதைக் குறியாக வைத்தால் ஆபத்து. கருவி அரைப் புள்ளி கூடக் காட்டினால் வண்டி திரும்பிவிடும். 10, 11 என்று வைத்துக்கொண்டு கிளம்புவதே சரி. கருவியின் அரைப் புள்ளிப் பிசகு 9-இல் இருப்பவருக்கு 40 ரூபாய் விவகாரம். 12-இல் இருப்பவருக்கு அது மொத்தச் சரக்கின் விவகாரம். இரண்டு பேருக்கும் பிசகு ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. 2025 அக்டோபர் கடைசியில் மோந்தா புயல் மழையில் தெலங்கானா பருத்தி நனைந்தபோது இந்த 12 என்ற வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழுந்தது அதனால்தான்.

வரம்பு ஒன்று வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஈரப் பருத்தியைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், இழை மஞ்சள் தட்டும். ஜின்னிங் இயந்திரத்தில் பஞ்சு கொட்டையை விட்டுச் சுத்தமாகப் பிரியாது. அந்தப் பஞ்சு பிறகு விலை போகாது.

கருவி என்ன பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மையங்களில் உள்ளவை பருத்தி எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைக் கொண்டு ஈரத்தைச் சொல்பவை. இறுக்கமாக அமுங்கிய பருத்தியில் ஓர் அளவும் தளர்வாகக் கிடப்பதில் வேறோர் அளவும் காட்டும். வண்டியின் மேற்பரப்பு வெயிலில் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் தங்கியிருக்கும். ஓரிடத்தில் மட்டும் செருகிப் பார்த்துவிட்டு முடிவு சொன்னால், மேலும் நான்கைந்து இடங்களில் பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லிக் கேட்பது விவசாயியின் உரிமை. தயங்காமல் கேட்க வேண்டும்.

பருத்தியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கொட்டைதான். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். மேலே பஞ்சு சீக்கிரம் காய்ந்து கைக்கு மொறமொறப்பாகத் தெரியும். கொட்டை காய நாளாகும். மாலையில் தொட்டுப் பார்த்துத் திருப்தியோடு குவித்து மூடி வைத்தால், கொட்டையின் ஈரம் இரவில் பஞ்சுக்கு ஏறி, காலையில் மையத்தில் கருவி கூடுதலாகக் காட்டும். பழைய விவசாயிகள் ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் இன்னும் நாள் வேண்டும். வண்டி பிடிப்பதற்கு முன்பு குவியலின் அடியிலிருந்து எடுத்த கொட்டையில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், மேலே கிடப்பதில் அல்ல.

இனி தூசி. இலைச் சருகு, காயின் அடியில் இருக்கும் புல்லிவட்டச் செதில், ஓட்டுத் துண்டு, மண் எல்லாம் இதில் சேரும். ஈரத்துக்கு இருப்பதைப் போல இதற்கு மைய வாசலில் கருவி கிடையாது. அதிகாரியின் கண்ணும் கையும்தான். அதனால் சச்சரவும் இங்கே கூடுதல்.

பறிப்பிலேயே இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. காலைப் பனி இருக்கும்போது சருகும் செதிலும் நமநமத்துப் போய் உடையாமல் செடியிலேயே நின்றுவிடும். பஞ்சு சுத்தமாக வரும், ஆனால் ஈரம். வெயில் ஏறிய பிறகு பறித்தால் ஈரம் குறைவு, ஆனால் காய்ந்த இலை தொட்டவுடன் நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காலை 10, 11 மணிக்குள் பறித்து, நிழலில் உலர்த்தச் சொல்கிறது. அதுதான் சரியான வழி என்று எனக்கும் படுகிறது. உள்ளே போன தண்ணீர் நாலு நாளில் தானாக வெளியேறிவிடும். பஞ்சில் சிக்கிய சருகுத் தூளை யாராலும் எடுக்க முடியாது. கஷ்டம் என்னவென்றால், பறிப்பவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. காலை 11 மணியோடு அவர்கள் நிறுத்தினால் அந்த நாள் கூலி தேறாது. பகல் முழுக்கப் பறித்தால், காலைப் பருத்தியையும் பகல் பருத்தியையும் தனித்தனியாகக் குவித்து வைத்தாலாவது நல்ல குவியல் கெடாமல் தப்பும்.

தனியார் வியாபாரிகள் தூசிக்கு விலையைக் குறைப்பதில்லை, எடையைக் குறைக்கிறார்கள். குவிண்டாலுக்கு 2 கிலோ, 3 கிலோ கழிவு என்பார்கள். சிறிதாகத் தெரியும். 8,110 ரூபாய் விலையில் 3 கிலோ கழிவு என்றால் 243 ரூபாய். மூன்று புள்ளி ஈரத்துக்குப் பிடிப்பதற்குச் சமம். சிலர் தூசி இருக்கிறதென்று முதலில் விலையைக் குறைத்துப் பேசிவிட்டு, எடை போடும்போது கழிவும் பிடிக்கிறார்கள். ஒரே தூசிக்கு இரண்டு முறை கொடுக்கிறோம். நம் டெல்டா மாவட்டங்களின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மறைமுக ஏலம் என்பதால் இந்தக் கணக்கு வெளியே தெரியாது. வியாபாரி குவியலைப் பார்த்து, ஈரமும் தூசியும் தன் மனதில் கழித்து, ஒரே விலையாகச் சீட்டில் எழுதிப் போடுகிறார்.

சி.சி.ஐ. மையத்தில் ஈரத்துக்கான பிடித்தம் விலையில்தான் வர வேண்டும், எடையில் வரக் கூடாது. இதைச் சரிபார்க்கச் சீட்டு ஒன்றே போதும். பார வண்டியின் எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நிகர எடை. அதில் ஒரு கிலோ குறைந்தாலும் ஏன் என்று அங்கேயே கேட்க வேண்டும். பிறகு விலை. வாசலில் கருவி காட்டிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, 8-க்கு மேல் எத்தனை புள்ளியோ அதை 81.10-ஆல் பெருக்கி 8,110-இல் கழித்துப் பார்க்கலாம். 10 புள்ளி ஈரம் காட்டிய பருத்திக்குச் சீட்டில் 7,947.80-க்குப் பதிலாக 7,898.80 இருந்தால், இழை நீளம் குறைவு என்று ஒரு படி இறக்கி 8,060 ரூபாய் வகையில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பருவத்தின் பிற்பகுதிப் பறிப்புகளில் இழை குறுகுவதால் அப்படி இறக்குவது உண்டு. அது ஈரத்துக்கான பிடித்தம் அல்ல, வேறு கணக்கு. வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் கேட்டால் அதிகாரி அங்கேயே இருப்பார், கருவியும் இருக்கும், பருத்தியும் கண்ணெதிரே தனியாகக் கிடக்கும். அரை மணி நேரம் கழித்து அது பெருங்குவியலில் கலந்துவிடும். பிறகு எந்த அளவையும் மறுபடி எடுக்க முடியாது.