71 பாகை வெந்நீரும் ஒரு வெள்ளைச் சட்டையும்

நானுஓயாவில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர் அது. காற்றழுத்தம் குறைவு என்பதால் 94, 95 பாகையிலேயே பானை தளதளக்கத் தொடங்கிவிடும். பருப்பு வேகச் சுணங்குவது இதனால்தான். ஆனால் வைத்தியசாலைத் துணியைக் கிருமி நீங்க வெளுப்பதற்கு இந்தச் சூடு தாராளமாகப் போதும். இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளுக்கான சலவை வழிகாட்டி கேட்பது 65 பாகையில் 10 நிமிடம், அல்லது 71 பாகையில் 3 நிமிடம். துணிமூட்டையின் நடுவரைக்கும் சூடு போய்ச்சேர ஆகும் நேரம் இதற்கு மேலதிகம். அந்தக் காலத்துச் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைத்தபோது துணிக்குள் ஏறிய ஆவி இதைவிடச் சூடானது.

ஆகவே கிருமியைக் கொல்வது இங்கே பெரிய பாடில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்தச் சூட்டில் முங்கி எழுகிற சட்டை, வருட முடிவில் இன்னும் சட்டையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நுவரெலியா ஹோட்டல்களின் குசினிகளிலும் சுற்றுவட்டார வைத்தியசாலைகளிலும் வேலை செய்கிறவர்களுக்குச் சீருடைத் துணி வாங்குகிறவர் கடையில் தடவிப் பார்த்துத் தீர்மானிக்கும் மென்மை, ஐந்தாவது சலவையோடு போய்விடும் சங்கதி. அதற்குப் பிறகு எஞ்சுவது நூலின் குணம்.

பருத்தி நூலுக்கு வெந்நீர் பயமில்லை. நனைந்தால் அதன் பலம் கூடவும் செய்யும். அதன் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, சுருங்குவது. நெசவின்போது இழுத்துக் கட்டப்பட்ட நூல் வெந்நீரில் இளகித் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். மற்றது, தண்ணீரைப் பிடித்துவைப்பது. சாதாரணக் காற்றில் கிடக்கிற பருத்தியே தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும்; பொலியெஸ்டரில் அது அரைப் பங்குகூட இல்லை. கொழும்பில் இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கமாட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கி, தென்மேல் பருவக்காற்று மாதங்களில் நாட்கணக்கில் வெயிலே காட்டாத நானுஓயாப் பக்கத்தில், தடித்த பருத்திச் சட்டை கொடியில் இரண்டு நாள் கிடந்தும் அக்குளில் ஈரமாகவே இருக்கும். அரைகுறையாகக் காய்ந்த துணியில் பூஞ்சணம் பிடிக்கிறது, கரும்புள்ளி விழுகிறது. கிருமி போக வெளுத்த துணிக்கு இது நல்ல முடிவல்ல.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பொலியெஸ்டர் நூலுக்கு வழி கண்டார்கள். டெரிலின் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. நூற்றுக்கு 65 பங்கு பொலியெஸ்டர், 35 பங்கு பருத்தி என்ற கலவை பின்னர் உலகெங்கும் தாதியர் சீருடைக்கு வழக்கமான துணியாகிவிட்டது. அது சுருங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரிக்கு அவ்வளவாகக் காத்திராது. வெயில் குறைந்த மலையகத்து வைத்தியசாலைக்கு இந்தக் கலவையை விடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கடினம்.

ஆனால் இந்தக் கலவைக்கும் வெந்நீரில் ஒரு கண்டம் உண்டு. ஏறத்தாழ 70 பாகைக்கு மேல் பொலியெஸ்டர் நூல் உள்ளுக்குள் இளகத் தொடங்குகிறது. உருகுவதில்லை, விறைப்பு மட்டும் தளர்கிறது. அந்த நிலையில் இயந்திரத்துக்குள் கசங்கிக் கிடக்கும்போது திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால், கசங்கிய வாக்கிலேயே நூல் இறுகிவிடும். அந்தச் சுருக்கம் சாதாரண இஸ்திரிக்கு மசியாது. நானுஓயாவின் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் கையை விறைக்கவைக்கிற குளிர் என்பதால் இங்கே இந்த ஆபத்து அதிகம். வெந்நீரை ஒரேயடியாக வடித்துவிடாமல், குளிர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 50 பாகை அளவுக்கு ஆறவிட்டு, அதன் பிறகு பிழிவதுதான் வழி. முதுகுப் பக்கம் முழுவதும் வலைபோலச் சிறு மடிப்புகள் விழுந்த தாதியர் சட்டையைக் கண்டால், துணி மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது நல்லது.

குசினிக்கு இதே துணியை வாங்கிக்கொடுத்தால் சிக்கனம் என்று நினைக்கத் தோன்றும். அங்கே கணக்கு வேறு. பொலியெஸ்டர் 250 பாகையைத் தாண்டியதும் உருகும். தீப்பிடித்தால் உருகிய குழம்பு தோலில் ஒட்டும். பருத்தியும் எரியும்தான், ஆனால் அது கருகிச் சாம்பலாகும், ஒட்டாது. அடுப்படியில் நிற்கிறவருக்குத் தடித்த பருத்தி ட்வில்லில் இரட்டை மார்புச் சட்டை தைப்பதற்கு, சிந்தும் கொதியெண்ணெய்க்கும் தோலுக்கும் நடுவே இரண்டு அடுக்குத் துணி இருக்கட்டும் என்பதும் ஒரு காரணம். எண்ணெய்க் கறையிலும் பருத்திக்கே கை ஓங்கும். பொலியெஸ்டர் எண்ணெயை விரும்பி வாங்கிக்கொண்டு விடமறுக்கிற நூல். பருத்தி நூலோ தண்ணீரில் ஊதும்போது எண்ணெயை வெளியே தள்ளும். ஆகவே வறுக்கிற, பொரிக்கிற ஆளுக்கு முழுப் பருத்தி. பரிமாறுகிறவருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் கலவைத் துணி என்று பிரித்து வாங்குவதே சரி. பருத்திச் சட்டை காயச் சுணங்கும் என்பதால் ஆளுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கறைகளில் சூட்டோடு நேரடியாகப் பகைக்கிறது இரத்தம். முட்டையை வெந்நீரில் போட்டால் வெள்ளைக்கரு இறுகுவதைப் போல, இரத்தத்தின் புரதமும் சூட்டில் இறுகி நூலுக்குள் பூட்டிக்கொள்ளும். அதனால் வைத்தியசாலைச் சலவை முதலில் குளிர் தண்ணீரில் அலசுவதிலிருந்து தொடங்க வேண்டும். 71 பாகை அதற்குப் பிறகுதான். நேரே வெந்நீரில் போட்ட துணியில் மங்கிய பழுப்பு வட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இன்னொரு பழுப்பு இதைவிடக் குழப்பமானது. வார்டுகளில் கை கழுவவும் தோலைச் சுத்தப்படுத்தவும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பயன்படுகிறது. அது சட்டையில் சிந்தினால் அநேகமாக எதுவும் தெரியாது. சாதாரணச் சவர்க்காரத்தில் முழுக்கப் போகாமல் பருத்தி நூலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துணி குளோரின் ப்ளீச்சைச் சந்திக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து கபில நிறக் கறையாக வெளிப்படும். மறுபடியும் ப்ளீச் போடப் போட, கறை இன்னும் அழுத்தமாகும். அழுக்கு போகவில்லை என்று நினைத்து ப்ளீச்சின் அளவைக் கூட்டுவது இயல்பான தவறு. கறை சட்டையின் முன்பக்கத்திலும் கைமடிப்பிலும் மட்டும், சலவைக்குப் போகும்போது இல்லாமல் சலவையிலிருந்து வரும்போது இருந்தால், காரணம் இதுதான் என்று சந்தேகிக்கலாம். அத்தகைய துணிகளுக்குக் குளோரின் வேண்டாம். ஒட்சிசன் வகை ப்ளீச் போதும். சோடியம் பெர்கார்பனேட் தூள் 60 பாகைக்கு மேலே நன்றாக வேலைசெய்யும். எப்படியும் கொதிக்கக் கொதிக்கத் துவைக்கிற இடத்தில் அதற்கென்று தனிச் செலவும் இல்லை.

தேயிலைச் சாயக் கறையும் இந்தத் தூளுக்கு மசியும். துருப்பிடித்த தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் துவைத்தால் மட்டும், இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் கூடிக் கறுத்துவிடும். மஞ்சள் கறை வேறு சாதி. சவர்க்காரம் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். உண்மையில் அதைப் போக்கும் நல்ல மருந்து வெயில். வெளிச்சத்தில் மஞ்சளின் நிறம் சிதைந்துவிடும். சமவெளியில் ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம் இது. நானுஓயாவில் அந்த மத்தியானத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதால், குசினிச் சட்டைக்கு ப்ளீச் தாங்குகிற வெள்ளை நிறமே வசதி.

நிறத்துணி வேண்டுமென்றால் சாயத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கலவைத் துணியில் பொலியெஸ்டருக்கு ஒரு சாயம், பருத்திக்கு வேறொரு சாயம். பருத்திக்கு மலிவான சாயம் போட்டிருந்தால், ப்ளீச் துளி பட்ட இடத்தில் பருத்தி மட்டும் வெளுத்து, பொலியெஸ்டர் நிறத்தோடு நின்று, புள்ளிபுள்ளியாக நரைத்த மாதிரித் தெரியும். வேட் சாயங்கள் பொதுவாகக் குளோரினுக்கு நன்றாகத் தாக்குப்பிடிப்பவை. என்றாலும் அவற்றிலேயே சில நீலங்கள் குளோரினில் பச்சையடிக்கும். நிறத்துக்கு நிறம் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சோதனை ஒன்றும் பெரிய காரியமில்லை. மொத்தமாக வாங்குவதற்கு முன் முக்கால் மீற்றர் மாதிரித் துணி வாங்கி, அதில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் ஒன்றை நூலால் தைத்து அடையாளம் போட வேண்டும். மூலையில் ஒரு துளி ப்ளீச், பக்கத்தில் ஒரு துளி கறி எண்ணெய், ஒரு துளி தேயிலைச் சாயம். பிறகு அந்த இடத்தின் வழமையான சூட்டில், வழமையான தூளோடு ஐந்து தடவை துவைத்து, ஒவ்வொரு தடவையும் முழுக்கக் காயவிட வேண்டும். நீளவாட்டில் 50 செ.மீ. 48.5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று சுருக்கம். 75 செ.மீ. நீளச் சட்டையில் அது இரண்டு செ.மீ.க்கு மேல், 60 செ.மீ. கையில் ஏறத்தாழ இரண்டு. அந்தத் துணியில் தைத்த சட்டையின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்கும். அமெரிக்காவின் சான்ஃபோர்ட் கிளூவெட் 1930 வாக்கில் கொண்டுவந்த சான்ஃபரைஸ் முறை, துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுகிறது. அப்படிச் செய்த பருத்தியில் சுருக்கம் பொதுவாக நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. துணிச் சுருளின் சீட்டில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது, மடிப்பை விரித்துத் தடவுவதை விட உபயோகமான வேலை. மடிப்பு விழாத துணி என்று விற்கப்படும் பருத்தியைக் குளோரின் சலவைக்கு வாங்காமல் விடலாம். அதில் பூசிய பிசின் வகைகள் சில குளோரினைப் பிடித்துவைத்து, இஸ்திரிச் சூட்டில் துணியை மஞ்சளாக்கி இற்றுப்போகச் செய்யும்.

ஐந்து சலவையில் தெரியாத ஒன்றும் உண்டு. கலவைத் துணியில் பருத்தி மெல்ல மெல்லத் தேய்ந்து போய்க்கொண்டிருக்கும், அதிகப்படி ப்ளீச் அதை விரைவுபடுத்தும். வெளிப்பார்வைக்குச் சட்டை முழுசாகவே இருக்கும். முழங்கைப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பொலியெஸ்டர் சல்லடை மட்டும் தெரியும். மாற்ற வேண்டிய நேரம் அது.

தைக்கக் கொடுக்கும்போது நூலையும் பார்க்க வேண்டும். சுருங்காத கலவைத் துணியைப் பருத்தி நூலால் தைத்தால், முதல் வெந்நீரிலேயே நூல் சுருங்கித் தையலோரம் முழுவதும் கொசுவிக்கொள்ளும். பொலியெஸ்டர் நூல் கேட்க வேண்டும். இரும்புக் கொக்கியும் மலிவான உலோகப் பொத்தானும் துருவிட்டுச் சட்டையைக் கெடுக்கும். குசினிச் சட்டைக்குக் கழற்றி மாட்டுகிற துணி முடிச்சுப் பொத்தான், வைத்தியசாலைச் சட்டைக்குச் சூடு தாங்குகிற பொலியெஸ்டர் பொத்தான். மொத்தத் துணியும் ஒரே சாயத்தொட்டியிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்கினால், ஆறு மாதத்துக்குப் பிறகு சட்டையின் கையும் உடம்பும் இரண்டு நீலமாக நிற்காது.