ஒரு லைன் விழுந்தது, வடநாடே இருண்டது
மின்சாரம் திரும்பி வர ஏன் அத்தனை நேரம்?

2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, விடியற்காலை இரண்டரை மணி. தில்லியில் மின்விசிறிகள் நின்றன. புழுக்கத்தில் விழித்துக் கொண்டவர்கள், வழக்கம்போல் தெரு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருக்கும் என்று எண்ணி மாடிக்குப் பாயைத் தூக்கிச் சென்றார்கள். மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்துத் தெருவும் இருட்டு, அதற்கடுத்த பேட்டையும் இருட்டு. பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், காஷ்மீர் வரை அதே கதிதான் என்பது பொழுது விடிந்த பிறகே தெரிந்தது.

இத்தனைக்கும் எங்கும் புயல் இல்லை. கோபுரம் எதுவும் சாயவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பீனாவிலிருந்து குவாலியருக்குச் செல்லும் 400 கிலோவோல்ட் லைன் ஒன்று தானாக அணைந்து கொண்டது, அவ்வளவே.

அந்த நாட்களில் மேற்கே நல்ல மழை. அங்கு மின்சாரத்தின் தேவை குறைவு. வடக்கே மழை பொய்த்திருந்தது. வயல்களில் பம்புசெட்டுகள் இடைவிடாமல் ஓடின. வட மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கியதைவிடக் கூடுதலாக இழுத்தன. குறைத்துக் கொள்ளும்படி மின் கட்டுப்பாட்டு நிலையத்தார் கேட்டும் பலன் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே மின்சாரம் போகும் முக்கிய வழி பீனா - குவாலியர் - ஆக்ரா. அதில் இருந்த இரண்டு லைன்களில் ஒன்றை 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்துவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். பாரம் முழுவதும் மற்றொன்றின் தலையில் ஏறியது.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு காவலாளி உண்டு. அதற்கு ரிலே என்று பெயர். லைனின் வோல்டேஜை அதில் ஓடும் கரண்டால் வகுத்துப் பார்த்துக் கொண்டே இருப்பது அதன் வேலை. லைன் அறுந்து தரையில் விழுந்தால் வோல்டேஜ் சரியும், கரண்ட் எகிறும், வகுத்து வரும் எண் சட்டென்று குறையும். உடனே ரிலே லைனைத் துண்டித்து விடும். இதில் மூன்றாவது வட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது அடுத்த சப்-ஸ்டேஷனையும் தாண்டிப் பார்க்கும். அங்கே உள்ள காவலாளி தூங்கிவிட்டால் இது சிறிது பொறுத்துக் கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று பாரம் மிகுந்து வோல்டேஜும் தாழ்ந்ததால் அந்த எண் இந்த வட்டத்துக்குள் வந்து விழுந்தது. எங்கோ தூரத்தில் பழுது என்று ரிலே கருதி லைனை அறுத்து விட்டது. ரிலேயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்குக் கற்றுக் கொடுத்ததைத்தான் அது செய்தது.

லைன் போனால் மின்சாரம் காத்து நிற்காது. ரயிலானால் ஒரு பாதை அடைபட்டதும் வண்டியை ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைக்கலாம். மின்சாரமோ அந்தக் கணமே மிச்சமிருக்கும் வழிகளில் பாய்ந்து விடும். அன்று அது மேற்கிலிருந்து கிழக்கே போய், பிறகு வடக்கே திரும்பும் நீண்ட சுற்றுவழியைப் பிடித்தது. நீண்ட கயிற்றில் கட்டி இழுக்கப்படும் வண்டிபோல வடக்கின் ஜெனரேட்டர்கள் மற்றவற்றுக்குப் பின்தங்கி ஊசலாடத் தொடங்கின. அந்த ஊசலாட்டமும் ரிலேக்களின் கண்ணுக்குப் பழுதாகவே பட்டது. கிழக்கையும் வடக்கையும் இணைத்த லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எல்லாம் சில வினாடிகளுக்குள்.

வடக்கு தனித்தீவாயிற்று. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த 5,500 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் நின்றது. வினாடிக்கு 50 சுழற்சியாக இருக்க வேண்டிய வேகம் இறங்கிற்று. இத்தகைய நேரத்தில் சில ஊர்களைத் தானாகவே துண்டித்து மற்றவற்றைக் காப்பாற்றும் ரிலேக்கள் காகிதத்தில் ஏராளமாக இருந்தன. ஆனால் அவற்றால் கிடைத்த நிவாரணம் சொற்பமே என்று பின்னர் ஆராய்ந்த அரசுக் குழு எழுதியது. இதுதான் அன்றைய பெரிய குறை. வேகம் மேலும் தாழவே, மின்நிலையங்கள் தங்கள் இயந்திரங்களைக் காத்துக் கொள்ளத் தாமே விலகிக் கொண்டன. சுமார் 36,000 மெகாவாட் பாரம் இருளில் ஆழ்ந்தது.

இனி மீட்பு. சுவிட்சைப் போட்டால் வந்துவிடாதா என்று கேட்கலாம். நிலக்கரி மின்நிலையம் ஓடுவதற்கே மின்சாரம் வேண்டும் என்பதுதான் சிக்கல். கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்பு, காற்றூதும் விசிறிகள், நிலக்கரியைப் பொடியாக்கும் அரவைகள் என்று தன் உற்பத்தியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கைத் தானே தின்னும். இருட்டில் அதற்கு பாட்டரி மட்டுமே துணை. அந்த பாட்டரியால் எண்ணெய் பம்பை ஓட்டி, சுழன்று ஓயும் டர்பைனின் பேரிங்குகளைக் காப்பாற்றுவார்கள். பிறகும் தண்டை மெதுவாகத் திருப்பிக் கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சூட்டில் வளைந்து விடும்.

ஆகவே முதல் உயிர் நீர்மின் நிலையத்திலிருந்து வர வேண்டும். அணையில் தண்ணீர் இருக்கிறது; கதவைத் திறக்க ஒரு சிறு டீசல் ஜெனரேட்டர் போதும். அதற்கு முன்பே சப்-ஸ்டேஷன்களில் எல்லா சுவிட்சுகளையும் திறந்து வைத்து விடுவார்கள். இல்லாவிட்டால் முதலில் எழும் சிறு ஜெனரேட்டரின் மேல் ஊர் முழுவதும் ஏறி உட்கார்ந்து விடும்.

நீர்மின் நிலையம் எழுந்ததும் ஒரே ஒரு லைனுக்கு உயிர் கொடுப்பார்கள். நீண்ட லைனில் பாரமே இல்லாவிட்டால் மறுமுனையில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். எனவே வழியில் அளவாக ஓர் ஊரின் பாரத்தைச் சேர்ப்பார்கள். அதிலும் கவனம் வேண்டும். மணிக்கணக்காக இருண்டிருந்த பேட்டையில் விசிறி, ஃபிரிஜ், பம்பு அத்தனையும் ஒரே நொடியில் கிளம்பும். வழக்கமான பாரத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். ஒரு ஃபீடரை அவசரப்பட்டுக் கூடுதலாகப் போட்டால் கட்டியதெல்லாம் மீண்டும் விழும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கண் வேகமானியை விட்டு அகலாது.

அந்த லைன் நிலக்கரி நிலையத்தை எட்டியதும் அங்கே பம்புகள் ஓடத் தொடங்கும். சூடு ஆறாத கொதிகலன் சில மணி நேரத்தில் தயாராகும். ஆறிவிட்டதோ, இன்னும் வெகுநேரம் பிடிக்கும். அணுமின் நிலையத்துக்கு மின்சாரத்தை முதலில் தர வேண்டும், குளிர்விப்புக்காக. அது திரும்ப உற்பத்தி செய்வதோ கடைசியில்தான். இடையிடையே ரயில், மெட்ரோ, ஆஸ்பத்திரி, குடிநீர் ஆகியவற்றுக்கு முறை. வீடுகளுக்கு அதன் பிறகே. இப்படித் தனித்தனியாக எழுந்த தீவுகளை, வோல்டேஜும் வேகமும் அலையின் நிலையும் ஒத்து வரும் கணம் பார்த்து இணைக்க வேண்டும்.

அன்று கிழக்கும் மேற்கும் உயிரோடு இருந்ததால் அங்கிருந்தும் கைகொடுத்தார்கள். காலை எட்டு மணிக்கு அத்தியாவசியப் பணிகளும், மாலை நான்கு மணி வாக்கில் மற்றவையும் திரும்பின.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே பீனா - குவாலியர் லைன் மறுபடி விழுந்தது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றுமே போயின. சுமார் 48,000 மெகாவாட். மெட்ரோ வண்டிகள் நின்றன. முந்நூறுக்கு மேற்பட்ட ரயில்கள் வழியில் முடங்கின. கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் லிஃப்ட் நின்று தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக் கொண்டு, பின்னர் மேலே வந்தார்கள். இரவு ஒன்பதரை மணி வாக்கில்தான் நிலைமை சீரானது.

ஊருக்குப் போன் செய்த தில்லித் தமிழர்களுக்கு, அங்கே விளக்கெரிகிறது என்ற பதில் வியப்பாக இருந்திருக்கும். கிழக்கிலிருந்து தெற்கு பெற்றுவந்த சுமார் 2,000 மெகாவாட் நின்றுபோனபோதும், அங்கே பாரம் துண்டிக்கும் ரிலேக்கள் வேலை செய்தன. தவிர, அன்று தெற்கின் மின்தொகுப்பு மற்றவற்றோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை. நேர்மின்சார இணைப்பு வழியாகவே கொடுக்கல் வாங்கல். வடக்கின் ஊசலாட்டம் அதைத் தாண்டி வர வழியில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் மூலம் தெற்கும் சேர்ந்தது. அதுமுதல் காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஜெனரேட்டர்கள் ஒரே வேகத்தில் சுழல்கின்றன.