அடகில் இருக்கும் நகை யாருக்கு, அந்தக் கடன் யாருக்கு?

உயில் எழுதும்போது, தன் காலத்துக்குப் பிறகு அதை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். கோர்ட்டு வட்டாரத்தில் அவரை எக்ஸிகியூட்டர் என்பார்கள். பெரும்பாலும் அவர் குடும்பத்துக்கு வேண்டிய பெரியவராக இருப்பார். அவர் வாரிசுகளுக்கு எழுத வேண்டிய கடிதம் ஒன்று உண்டு. சொத்து என்ன, கடன் என்ன, கைக்கு எப்போது வரும் என்ற மூன்றையும் அது சொல்ல வேண்டும். பல வீடுகளில் இந்தக் கடிதம் எழுதப்படுவதே இல்லை. வாய்ச் சொல்லில் காலம் ஓடும், சந்தேகம் வளரும், கடைசியில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போகும்.

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் சொந்த வீடு. மனைவியை முன்பே இழந்த அப்பா ஜனவரி 10 அன்று காலமானார். இரண்டு மகன்கள், ஒரு மகள். உயிலின்படி வீடும் வங்கிப் பணமும் மூவருக்கும் சமம். அம்மாவின் 12 பவுன் நகை மகளுக்கு. பல வருடம் சமைத்துப் போட்ட அம்மாளுக்கு ஒரு லட்சம் ரூபாய். நிறைவேற்றுபவர் தாய்மாமன். யாரும் ஆட்சேபம் சொல்லாததால் செப்டம்பர் 20 அன்று புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற கோர்ட்டுச் சான்று, கிடைத்துவிட்டது. அக்டோபர் முதல் வாரம் மாமா கடிதம் எழுத உட்காருகிறார்.

“சிரஞ்சீவிகள் மூவருக்கும் மாமாவின் ஆசீர்வாதம். வங்கியில் டெபாசிட்டும் சேமிப்புமாக 15,80,000 ரூபாய் இருக்கிறது. இது அப்படியே உங்களுக்கு வராது. முதலில் கடனைச் சொல்கிறேன்.”

இந்தத் தொடக்கம் சரியானது. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் பணம் போக வேண்டிய வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது. ஈமச் செலவும் கடைசி நாட்களின் வைத்தியச் செலவும் முதலில். அடுத்து புரோபேட் வாங்கிய செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வீட்டு வேலை செய்தவர்களுக்கு நிற்கும் சம்பளம். மற்ற கடன்காரர்கள் அதற்குப் பிறகுதான். எல்லாம் தீர்ந்த பின்பே உயிலில் சொன்ன பங்குகள். சமையற்கார அம்மாளின் இரண்டு மாதச் சம்பள பாக்கி 24,000 ரூபாயும் உயில் தந்த ஒரு லட்சமும் ஒரே ஆளுக்குப் போகிறவைதான். ஆனால் முன்னது உழைப்புக்கு நிற்கும் கடன், பின்னது அன்பளிப்பு. கடிதத்தில் இரண்டும் தனித்தனி இடத்தில் வர வேண்டும்.

மாமாவின் கணக்கில் ஆஸ்பத்திரியும் ஈமச் செலவும் 2,40,000. அதைப் பெரியவன் கையிலிருந்து போட்டிருப்பதால் அவனுக்கே திரும்ப வேண்டும். கோர்ட்டு, வக்கீல் செலவு 90,000. வரி பாக்கிகள் 35,000. ஒரு புரோநோட்டுக் கடன் அசலும் வட்டியுமாக 2,48,000.

அந்தப் புரோநோட்டில் இளையவனுக்கு ஒரு கேள்வி. எழுதி மூன்று வருடம் தாண்டிவிட்டதே, காலாவதிதானே? மாமா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்திலேயே “வட்டி வகையில் ரூபாய் 12,000 செலுத்தினேன்” என்று ஒரு வரி. நோட்டு எழுதிய மூன்று வருடத்துக்குள், இறப்பதற்குப் பதினான்கு மாதம் முன்பு போட்ட தேதி. அந்த வரவுக் குறிப்பிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடுகிறது. கடன் உயிரோடுதான் இருக்கிறது. புரோநோட்டு என்று யாராவது நீட்டினால் முன்பக்கத் தேதியோடு நிறுத்தக் கூடாது, பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நகலைக் கடிதத்தோடு இணைத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடியும்.

இப்போது நகைக்கு வருவோம். எழுதத் தயங்க வைக்கும் இடம் இதுதான். மகளுக்கென்று உயில் சொன்ன 12 பவுனும் வங்கியில் அடகில் இருக்கிறது. அப்பாவே வைத்தது. வட்டியோடு 3,76,000 ரூபாய் கட்டினால்தான் மீளும். இதைப் பொதுப் பணத்திலிருந்து கட்டிவிட்டு நகையைக் கொடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளை உயிலில் கொடுத்து, அந்தப் பொருள் மீது எழுதியவரே வைத்த ஈடு இருந்தால், பெறுகிறவர் கடனோடு சேர்த்தே அதைப் பெறுகிறார். உயில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் மட்டுமே விலக்கு. வாரிசுரிமைச் சட்டத்தின் 167ஆம் பிரிவு இது.

கணக்கு இப்படி வருகிறது. பொதுவான கடன்கள் 6,37,000 போக மிச்சம் 9,43,000. சமையற்கார அம்மாளுக்கு ஒரு லட்சம், எதிர்பாராத செலவுக்கு 93,000 ஒதுக்கினால் மீதி 7,50,000. ஆளுக்கு 2,50,000. மகள் தன் பங்கு முழுவதையும் போட்டாலும் நகையை மீட்க இன்னும் 1,26,000 கையிலிருந்து வேண்டும். அண்ணன்மார் இருவரும் சம்மதித்து எழுத்தில் கொடுத்தால் பொதுப் பணத்திலிருந்தே மீட்கலாம். அப்போது ஆளுக்கு ஏறக்குறைய 1,25,000 வரும். மாமா தானாக அப்படிச் செய்ய முடியாது. செய்தால், ஒருவரின் கடனை மற்றவர் பணத்தில் அடைத்ததற்கு அவர் சொந்தப் பணத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே அவர் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, “இது சட்டப்படி, இது நீங்கள் மூவரும் சேர்ந்து முடிவு செய்தால். மாத முடிவுக்குள் பதில் எழுதுங்கள், வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது” என்று முடிக்கிறார். மகளிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தால், அண்ணன்மாருக்கு அது பாரபட்சமாகத் தெரிந்திருக்கும். ஒரே கடிதம் மூவருக்கும் ஒரே நாளில் போக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அடுத்தது தேதி. கடன்காரர்கள் உரிமை கோர டிசம்பர் 15 வரை அவகாசம் தந்து நாளிதழில் அறிவிப்பு வெளியிடுகிறார். அந்தக் கெடு முடிந்த பிறகு, தெரிய வந்த கடன்களை அடைத்துவிட்டுப் பிரித்தால், அதுவரை தெரியாத கடனுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். கடன்காரர் பங்கு வாங்கியவர்களைத் தேடி வரலாம், ஆனால் அவரவர் பெற்ற சொத்தின் அளவுக்குத்தான். இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியும்வரை பங்கு கொடுக்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. அதனால் பணம் ஜனவரி 20 என்று எழுதுகிறார். வீட்டை ஒப்படைத்துப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது பிப்ரவரியில். சொத்துப் பட்டியலைப் புரோபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள், அதாவது மார்ச் 20க்குள், வரவு செலவுக் கணக்கை ஒரு வருடத்துக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு தேதியையும் வாரிசுகளுக்கும் சொல்லிவிடுகிறார்.

இன்னொரு வரியும் சேர்க்கிறார். டெபாசிட்டுக்கு இளையவன் நாமினி என்பதால் வங்கி பணத்தை அவனிடம் கொடுத்தாலும், அது மூவரின் பணம்தான், பொதுக் கணக்குக்கு வந்து சேர வேண்டும். நாமினி பணத்தை வாங்கி வைக்கும் பொறுப்பாளர், உரிமையாளர் அல்ல.

உயில் எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகையோ வீடோ ஒருவருக்கென்று எழுதிவிட்டுப் பிறகு அதை ஈடு வைத்தீர்களானால், உயிலை எடுத்து அந்தக் கடனை யார் அடைப்பது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். “என் கடன்களையெல்லாம் அடைக்கவும்” என்ற பொதுவான வாசகம் இதற்குப் போதாது. இன்ன வங்கியில் உள்ள இந்த நகைக் கடனைப் பொதுப் பணத்திலிருந்து அடைக்கவும் என்றே எழுத வேண்டும்.