உதடு மூடும் இடம்

கதாநாயகன் குளோசப்பில் நின்று தம்பியைக் கடிந்துகொள்கிறான்: 'ஐ டோல்ட் யூ நாட் டு ஓப்பன் தட் டோர்.' இரண்டு விநாடி வசனம். கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், ஒன்பது தட்டு விழும். டப்பிங் எழுதுபவர் முதலில் எண்ணுவது இந்தத் தட்டுகளைத்தான்.

அதை அப்படியே தமிழாக்கினால், 'அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று நான் உன்னிடம் சொன்னேன்.' பதினெட்டுத் தட்டு, சரியாக இரண்டு மடங்கு. நடிகர் வாயை மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். வேகமாகப் பேசி அடக்கினால் கோபம் போய் அவசரம் மட்டும் மிஞ்சும்.

பேச்சுத் தமிழ் இங்கே கைகொடுக்கிறது. 'சொன்னேன்' என்பதிலேயே 'நான்' இருக்கிறது. எதிரில் தம்பி நிற்பதால் 'உன்னிடம்' வேண்டாம். கதவு கண்ணெதிரே இருப்பதால் 'அந்த' வேண்டாம். 'திறக்க வேண்டாம் என்று' என்பது 'தொறக்காதேன்னு' ஆகிவிடும். மிஞ்சுவது, 'கதவத் தொறக்காதேன்னு சொன்னேன்.' பத்துத் தட்டு. நீளம் பொருந்திவிட்டது.

ஆனால் திரையில் பார்த்தால் இன்னும் ஏதோ இடிக்கும். படத்தின் ஒலியை நிறுத்திவிட்டு நடிகரின் உதட்டை மட்டும் பாருங்கள். 'ஓப்பன்' என்ற சொல்லின் நடுவில், ஒரே ஒரு தடவை, இரண்டு உதடுகளும் ஒட்டிப் பிரிகின்றன. ப, ம இரண்டையும் உதட்டை மூடாமல் சொல்ல முடியாது. நாக்கு வாய்க்குள் செய்வது பார்ப்பவருக்குத் தெரியாது. உதடு ஒட்டுவது எவருக்கும் தெரியும். நம் வரியிலோ ப, ம எதுவுமே இல்லை.

ஒன்பது தட்டில் ஆறு முடிந்ததும், அதாவது வசனத்தின் மூன்றில் இரண்டு பங்கில், அந்த உதடு மூடல் வருகிறது. நமக்கும் அங்கே ஒரு 'ப' வேண்டும். 'கதவத் தொறக்காதேன்னு அப்பவே சொன்னேன்.' தட்டு பதின்மூன்றாகிறது, ஒன்பதாவது முடிந்ததும் 'ப்' விழுகிறது. கடைசியில் 'டோர்' என்று நடிகரின் உதடு குவியும்போது இங்கே 'சொன்' குவிகிறது. தட்டு நான்கு கூடுதல்தான், ஆனால் பல குறில் என்பதால் சற்று விறுவிறுப்பாகப் பேசினால் இரண்டு விநாடியில் அடங்கும். மூலத்தில் இல்லாத 'அப்பவே' கோபத்துக்கு வலுவும் சேர்க்கிறது. என்னைக் கேட்டால், எண்ணிக்கை கச்சிதமான முந்தைய வரியைவிட இதுவே நல்ல வரி.

எல்லா வசனத்துக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. முகம் திரும்பியிருந்தாலோ ஆள் தூரத்தில் நின்றாலோ, தொடங்கும் இடமும் முடியும் இடமும் சரியாக இருந்தால் போதும். குளோசப்பில் அடக்க முடியாத சொல்லைக்கூட, கேமரா எதிராளியின் முகத்துக்குப் போகும் நொடிக்குத் தள்ளிவிடலாம்.

பதிவான பிறகு இடம் பொருத்தும்போது ஒரு கவனம் வேண்டும். குரல் சற்றுப் பிந்தினால் காது பொறுத்துக்கொள்ளும்; தூரத்து ஒலி தாமதமாக வருவது நமக்குப் பழக்கம். உதடு அசையும் முன் குரல் வருவது உலகத்தில் எங்கும் நடப்பதில்லை. விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேம் முந்தினாலே கூர்ந்த காது பிடித்துவிடும். அதனால் சந்தேகம் வந்தால் குரலை ஒரு பிரேம் பின்னுக்குத்தான் நகர்த்துவார்கள்.