கெட்ட கண்ணுக்கு ஒரு பதில்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்குவது. அதனால் ஆப்பிளும் வெங்காயமும் மார்பிளும் ஏற்றிவரும் வடக்கத்தி லாரிகள் நம் ஊர் டீக்கடை வாசல்களில் நிற்பது புதிதல்ல. அந்த லாரிகளின் பின்கதவில் மஞ்சளிலும் சிவப்பிலும் வளைத்து வளைத்து எழுதியிருக்கும் இந்தி வரிகளை நம்மில் பெரும்பாலோர் படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவற்றில் பாதி சிரிக்க வைப்பவை, சில திட்டுபவை. எல்லாமே பின்னால் வருகிறவரிடம் நேராகப் பேசுபவை.

அதிகம் கண்ணில் படுவது இதுதான்: "புரி நஸர் வாலே, தேரா முஹ் காலா." நேர்ப்பொருள், "கெட்ட கண் வைப்பவனே, உன் முகம் கறுக்கட்டும்." இதில் நிறத்தைப் பற்றிய பேச்சு எதுவும் இல்லை. குற்றம் செய்தவன் முகத்தில் கரி பூசிக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்ற வைப்பது வடக்கே பழைய தண்டனை. நம் பக்கத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி அனுப்புவார்களே, அதே வகைதான். ஆகவே "முகம் கறுக்கட்டும்" என்றால் "ஊர் நடுவில் அவமானப்பட்டுப் போவாய்" என்று அர்த்தம். இந்த வரிக்குப் பக்கத்தில் கொம்பும் கோரைப்பல்லும் வைத்த கறுப்பு முகம் ஒன்றை வரைந்திருப்பார்கள், அல்லது பம்பரில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புதுவீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டும் நமக்கு அந்தச் செருப்பின் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரிக்காரர் கண்ணேறுக்குப் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. கடனில் எடுத்த வண்டி அது. தவணை முடியும்வரை ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். புதுப் பெயின்ட் மினுக்கத்தோடு அது தெருவில் இறங்கும் நாளில்தான் பயம் அதிகம்.

இந்த ஒரு வரிக்கு எத்தனையோ பிள்ளைகள் பிறந்துவிட்டன. அவற்றில் எனக்குப் பிடித்தது இது: "புரி நஸர் வாலே, தேரே பச்சே ஜியே, படே ஹோகர் தேரா கூன் பியே." முதல் பாதி ஆசீர்வாதம்: "கெட்ட கண் வைப்பவனே, உன் பிள்ளைகள் நீண்ட நாள் வாழட்டும்." அட, நல்ல மனசுக்காரர் போலிருக்கிறதே என்று நினைக்கும்போது அடுத்த பாதி வருகிறது: "வளர்ந்து ஆளாகி உன் ரத்தத்தையே குடிக்கட்டும்." இந்தியில் ரத்தம் குடிப்பது என்றால் நச்சரித்து உயிரை வாங்குவது. "ஜியே", "பியே" என்ற எதுகைதான் வரியைத் தாங்கி நிற்கிறது. வாழ்த்து சாபமாகப் புரளும் இடம் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிறது. இதற்கு நேர் எதிராக "புரி நஸர் வாலே, தேரா பீ பலா" என்று எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. "கெட்ட கண்காரனே, நீயும் நல்லா இரு" என்பது அதன் பொருள். பழைய சாபத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பெருந்தன்மையின் ருசி தெரியும். முதல் வரியைக் கேட்டறியாதவர்களுக்கு இது வெறும் வாழ்த்து.

பேசுவது எப்போதும் டிரைவர் அல்ல. பல வரிகளில் வண்டியே வாய் திறக்கிறது. பின்னால் ஏறித் தொங்குகிறவர்களுக்கு எழுதிய எச்சரிக்கை ஒன்று: "லடக் மத், படக் தூங்கீ." "தொங்காதே, கீழே தள்ளிவிடுவேன்." தமிழில் "தள்ளிவிடுவேன்" என்பதை ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இந்தியில் அப்படி இல்லை. "தூங்கா" என்றால் சொல்பவர் ஆண், "தூங்கீ" என்றால் பெண். வண்டி என்று பொருள்படும் "காடி" இந்தியில் பெண்பால். ஆகவே இங்கே மிரட்டுவது ஒரு வாயாடிப் பெண். கையைப் பிடித்தவனை உதறித் தள்ளும் குரல் அது. மாறாக, ஆட்டோக்களிலும் குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன வண்டிகளிலும் "படா ஹோகர் டிரக் பனூங்கா" என்று எழுதியிருப்பார்கள். "பெரியவன் ஆனதும் லாரி ஆவேன்!" இது ஆண்பால். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லும் பையனின் குரலை அந்த வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வண்டியைப் பெண்ணாகப் பார்க்கும் பழக்கத்தோடு சேர்த்துப் படித்தால் இன்னொரு வரியின் வலி புரியும். "மாலிக் கீ காடி, டிரைவர் கா பஸீனா, சல்தீ ஹை ரோட் பர் பன் கர் ஹஸீனா." முதலாளியின் வண்டி, டிரைவரின் வியர்வை, ரோட்டில் அழகியாகி நடக்கிறாள் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். "பஸீனா" வியர்வை, "ஹஸீனா" அழகி. வியர்வை அழகியாக மாறுவதை ஓர் எதுகையில் முடித்துவிட்டார்கள். மூன்று பேர் இருக்கும் வரி இது. வண்டி ஒருவனுடையது, உழைப்பு இன்னொருவனுடையது, ஊர் பார்ப்பது மூன்றாமவளை. கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. முதலாளியின் காசில் முதலாளியின் வண்டியிலேயே இதை எழுதிவைப்பதற்கு ஒரு துணிச்சலும் வேண்டும்.

இந்தி எழுத்து தெரியாதவர்களும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு வரி உண்டு. 13 என்ற எண், நடுவில் ஒரு சிறு சொல், பிறகு 7. கணக்கு எதுவும் இல்லை, எண்களின் பெயரைச் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தியில் பதின்மூன்று "தேரா", ஏழு "சாத்". நடுவில் உள்ள சொல் "மேரா". சேர்த்துச் சொன்னால் "தேரா மேரா சாத்", அதாவது "உனக்கும் எனக்குமான துணை". எழுத்தில் பார்த்தால் எண், காதில் கேட்டால் காதல். அடுத்த முறை 13-ஐயும் 7-ஐயும் ஒரே பின்கதவில் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சாலை விதி சொல்லும் வரிகள் தனி இனம். "ஹார்ன் ஓகே ப்ளீஸ்" எல்லோரும் அறிந்தது. இருவழிச் சாலையில் அகலமான சரக்கோடு போகும் லாரிக்காரருக்குக் கண்ணாடியில் பின்பக்கம் சரியாகத் தெரியாது. முந்துகிறவர் ஹார்ன் அடித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது தேவையில்லாத இரைச்சலைத் தூண்டுகிறது என்று சொல்லி 2015-இல் மகாராஷ்டிர அரசு இந்த வாசகத்தை எழுதத் தடை விதித்தது. அதன் தம்பி "யூஸ் டிப்பர் அட் நைட்". இரவில் ஹைபீம் போடாமல் விளக்கைத் தாழ்த்து என்பது பொருள். இந்தச் சொல் லாரிக்காரர்களுக்கு எவ்வளவு பழகியது என்றால், 2016-இல் டாடா மோட்டார்ஸ் நிறுவனமும் டிசிஐ அறக்கட்டளையும் அவர்களுக்காகக் கொண்டுவந்த ஆணுறைக்கு "டிப்பர்" என்றே பெயர் வைத்தார்கள். வெட்கப்படாமல் கேட்டு வாங்க அந்தச் சொல் உதவும் என்பது கணக்கு.

விதி சொல்லும் வரிகளில் மிகக் கனமானது "ஜின்ஹே ஜல்தி தீ, வோ சலே கயே." "அவசரப்பட்டவர்கள் போய்விட்டார்கள்." எங்கே போனார்கள் என்று எழுதவில்லை. "சலே கயே" என்பது இடம்விட்டுப் போவதற்கும் உலகைவிட்டுப் போவதற்கும் பொதுவான பேச்சு, நம் "போய்ச் சேர்ந்துட்டார்" போல. வேகமாக முந்த நினைக்கும் நேரத்தில் கண்ணெதிரே இது நிற்கிறது.

இந்த வரிகளைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டோல்கேட் வரிசையிலோ டீக்கடை வாசலிலோ நிற்கும் லாரியில் படியுங்கள். டிரைவர் பக்கத்தில் இருந்தால் அர்த்தம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். ஓடும் லாரியில் படிப்பதற்காகப் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள்.