பயாப்ஸி ரிசல்ட் வரும்வரை

மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், “ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிடலாம்” என்கிறார். எடுப்பதற்கு அரை மணி நேரம் போதும். “ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்துவிடும்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஒரு வாரமும் அந்தச் சதைத் துணுக்குக்கு என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. வீட்டில் இருப்பவர் தனக்குத் தெரிந்த வகையில் கற்பனை செய்துகொள்கிறார். கற்பனை எப்போதும் கெட்ட பக்கமே ஓடுகிறது.

செங்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பீடி சுற்றும் 45 வயதுப் பெண் ஒருவருக்கு, ஒரு திங்கட்கிழமை தென்காசியில் பயாப்ஸி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அவருடைய வாரம் எப்படிப் போகும்?

பாட்டில் போகும் பாதை

ஊசி வெட்டி எடுத்த துணுக்கு பென்சில் முனைக் கரியைப் போல மெலிசாக, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். அதைப்போல நாலைந்து துணுக்குகளை ஃபார்மலின் ஊற்றிய சிறிய பாட்டிலில் போடுகிறார்கள். சிறிய ஊர்களில் பல நேரம் இந்தப் பாட்டிலை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, திருநெல்வேலி லேபில் சேர்த்துவிடச் சொல்வதும் உண்டு. 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பஸ் பயணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டில் பெயர், வயது, எந்தப் பக்கத்து மார்பு, எடுத்த தேதியும் நேரமும் இருக்கின்றனவா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். மூடியில் எழுதினால் போதாது, மூடி மாறிப்போகும். உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா என்று நர்ஸிடம் கேட்கலாம். சலைன் தண்ணீரில் பல மணி நேரம் கிடந்தால் செல்கள் சிதைந்துவிடும், மறுபடி ஊசி வைக்க நேரும். ஃபார்மலினில் இருக்கும் மாதிரிக்கு ஐஸ் தேவையில்லை. டாக்டர் எழுதிய படிவத்தையும் ஸ்கேன் ரிப்போர்ட் நகலையும் கூடவே கொடுத்துவிட வேண்டும். அவை இல்லாமல் லேபிலிருந்து திரும்பக் கேட்டால் அதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

மார்புச் சதை ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். பிறகு ஆல்கஹாலில் நீரை இறக்கி, சைலீனில் அலசி, உருக்கிய பாரஃபின் மெழுகை உள்ளே ஏற்றுகிறார்கள். இயந்திரம் இதை இரவு முழுக்கச் செய்கிறது. காலையில் துணுக்கு ஒரு மெழுகுக் கட்டிக்குள் இருக்கும். அதை மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் செல்லின் கரு ஊதாவாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதன் பிறகே நோய்க்குறியியல் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிறார். திங்கட்கிழமை எடுத்தது வேகமாகப் போனாலும் பெரும்பாலும் வியாழன் ஆகிவிடும். இடையில் ஞாயிறோ பண்டிகையோ வந்தால் இன்னும் தள்ளும்.

தாமதமானால் என்ன பொருள்?

“எதிர் வீட்டு அக்காவுக்கு நாலு நாளில் வந்தது, எனக்கு ஏன் எட்டு நாள்?” இந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. தாமதத்தை வைத்து முடிவை ஊகிக்க முடியாது. துணுக்கு போதாமல் மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஐஎச்சி என்ற கூடுதல் சோதனையைச் சொல்லியிருக்கலாம். இதைச் சில நேரம் புற்றுநோயா இல்லையா என்று முடிவு செய்யவே செய்கிறார்கள். சில நேரம் உறுதியான புற்றுநோய் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறியச் செய்கிறார்கள். இதற்கு மேலும் சில நாள் ஆகும்.

“இந்த ஒரு வாரத்தில் கட்டி பரவிவிடுமோ” என்பது அடுத்த பயம். மார்பகப் புற்றுநோய் பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. ஒன்றிரண்டு வாரக் காத்திருப்பு சிகிச்சையின் பலனை மாற்றுவதில்லை. பயந்துபோய் மாதக்கணக்கில் டாக்டர் பக்கமே போகாமல் இருப்பதுதான் ஆபத்து. சொன்ன தேதிக்கு மேல் இரண்டு நாள் ஆகியும் செய்தி இல்லையென்றால், லேபுக்குப் போன் போட்டு மாதிரி எண்ணைச் சொல்லி எந்த நிலையில் இருக்கிறது என்று தயங்காமல் கேட்கலாம்.

தெரியாமல் இருப்பதன் பாரம்

பயாப்ஸி முடிந்த 126 பெண்களின் உமிழ்நீரை ஐந்து நாள் சோதித்து, அமெரிக்க டாக்டர் எல்விரா லாங் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்தாம் நாளிலும் 73 பேருக்கு முடிவு தெரியவில்லை. மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் ஹார்மோன் அவர்களிடம் இருந்த விதம், புற்றுநோய் என்று தெரிந்தவர்களை ஒத்திருந்தது. ஆபத்தில்லை என்று தெரிந்தவர்களின் அளவு வேறாக இருந்தது. ஆக, “இன்னும் ஒன்றும் தெரியலையே, அதுக்குள்ள ஏன் கவலை?” என்று வீட்டார் அதட்டுவதில் நியாயமே இல்லை. தெரியாமல் இருப்பதையே உடம்பு ஒரு பாரமாகச் சுமக்கிறது.

கையும் மனமும்

காத்திருப்பு பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்ந்துவரும் கலிஃபோர்னியாவின் கேட் ஸ்வீனி, மனம் முழுக்க ஈடுபடும் வேலை இருந்தால் நாள்கள் சற்று லேசாகக் கழிகின்றன என்கிறார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பீடி சுற்றுவது பழகிய கைக்குத் தானாக வரும். கை ஓடும்போது மனம் பயாப்ஸியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கவனம் கேட்கிற வேலைதான் உதவும்: புள்ளி எண்ணிப் போடும் புதிய கோலம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது, மாதக் கணக்கு நோட்டைச் சரிபார்ப்பது. இரவில் யூடியூபில் நோயைத் தேடுவது நேர்மாறானது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 4’ என்று இருந்தால் பலர் அதோடு இடிந்துபோகிறார்கள். அந்த 4-க்குள்ளேயே 4ஏ என்றால் புற்றுநோய் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம், 4சி என்றால் 50-க்கு மேல். எந்தப் பிரிவு என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அருவியில் குளிக்கலாமா?

சாரல் காலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஊசி போட்ட இடத்தைக் குறைந்தது ஒரு நாள் நனைக்கக்கூடாது. அருவி கொட்டும் வேகம் கன்றிப்போன இடத்தில் அடித்தால் வலியும் ரத்தக்கட்டும் கூடும். காயம் ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை அருவிக்கடியில் நிற்காமல் இருப்பதே உத்தமம். குற்றாலம் போய்ச் சாரலில் நடந்துவிட்டு வரலாம், அதற்குத் தடையில்லை. தோல் நீலம் பாரித்துச் சில நாள் இருப்பது இயல்பு. வீக்கம் பெருத்துக்கொண்டே போனாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ உடனே போய்க் காட்ட வேண்டும்.

ரிப்போர்ட் யார் கைக்கு?

நம் வீடுகளில் ரிப்போர்ட் பெரும்பாலும் மகன் கைக்கோ கணவர் கைக்கோ போகிறது. இப்போது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகச் சனிக்கிழமை சாயங்காலம் வந்து விழும். டாக்டரோ திங்கட்கிழமைதான் இருப்பார். இடைப்பட்ட இரண்டு இரவுகள் யாருக்கும் தேவையில்லாத வேதனை. அதனால் பயாப்ஸி எடுத்த அன்றைக்கே மூன்று விஷயங்களை முடிவு செய்துவிடலாம்: ரிப்போர்ட்டை யார் வாங்குவது, டாக்டரைப் பார்க்கும் முன் திறப்பதா வேண்டாமா, டாக்டரைப் பார்க்கும் தேதி எது. இதைச் சம்பந்தப்பட்ட பெண்ணையே கேட்டு முடிவு செய்ய வேண்டும். “அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்” என்று பிள்ளைகள் கேட்பது பாசத்தால்தான். ஆனால் வீட்டில் எல்லோரும் பேச்சை மாற்றுவதை அந்த அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறார். பிறகு தனியாகப் பயப்படுகிறார்.

முடிவு எதுவானாலும், ரிப்போர்ட் வாங்கும்போது மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் எங்கே இருக்கின்றன, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று லேபில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மதுரைக்கோ சென்னைக்கோ இரண்டாவது கருத்துக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான். அவை கையில் இருந்தால் பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.